பிரைட்னஸைக் குறைத்தால் தலைவலி: திரை மினுக்கலைக் கட்டுப்படுத்துவது எப்படி

கேள்வி: புது போன் வாங்கியதிலிருந்து ராத்திரி பிரைட்னஸைக் குறைத்து வைத்துப் படித்தால் அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. பழைய போனில் இந்தத் தொல்லை இல்லை. ஆபீஸில் இருக்கும் பழைய மானிட்டரிலும் இதே கதைதான். கண் டாக்டர் பவர் சரியாக இருக்கிறது என்கிறார். நைட் மோட், டார்க் மோட் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மினுக்கல்தான் காரணமா? அதைக் குறைக்க வழி உண்டா?

பதில்:

வழி உண்டு. கேட்டால் விசித்திரமாக இருக்கும்: பிரைட்னஸ் பட்டையை ஏற்றி வைத்துவிட்டு, படத்தை மட்டும் மென்பொருளால் இருட்டாக்க வேண்டும். போனுக்கும் மானிட்டருக்கும் இதுதான் அடிப்படை வைத்தியம். அது ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்தால்தான் உங்கள் சாதனத்தில் எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இருட்டாக்குவது என்று நீங்களே முடிவு செய்ய முடியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பழைய போன் அநேகமாக எல்சிடி, புதியது ஓஎல்இடி. எல்சிடியில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிகிறது; அதுதான் பின்விளக்கு. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அதை மங்கலாக்க இரண்டு வழிகள். ஒன்று, புள்ளிக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைப்பது. இன்னொன்று, மின்னோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, வேகமாக அணைத்து அணைத்து எரிய வைப்பது. மின்னோட்டம் மிகக் குறைந்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே அளவில் எரியாது. திரை திட்டுத்திட்டாக, பச்சையோ இளஞ்சிவப்போ பூத்தது போலத் தெரியும். அதனால் பல கம்பெனிகள் குறைந்த பிரைட்னஸுக்கு இரண்டாவது வழியைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்குப் பல்ஸ் விட்த் மாடுலேஷன், சுருக்கமாகப் பிடபிள்யூஎம், என்று பெயர்.

நொடிக்கு 240 முறை மினுக்கும் ஒரு போனை எடுத்துக்கொள்வோம். ஐபோன், சாம்சங் ஓஎல்இடி மாடல்களில் பல வருடங்களாகப் பரவலாக இருந்த வேகம் இது. பிந்தைய சில மாடல்களில் 480 ஆகியிருக்கிறது. 240 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 4.2 மில்லிநொடி. பிரைட்னஸை முழுதாக வைத்தால் அந்த 4.2-இல் பெரும்பகுதி நேரம் எரியும். இருட்டு இடைவெளி சின்னது. நீங்கள் ராத்திரி பட்டையை அடிமட்டத்துக்கு இழுத்தால், பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.4 மில்லிநொடி எரிந்து 3.8 மில்லிநொடி அணைந்து கிடக்கும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று நீங்கள் செய்வதுதான் மினுக்கலை மோசமாக்குகிறது.

240 முறை என்பதைக் கண் நேரடியாக மினுக்கலாகப் பார்க்காது. ஆனால் கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும்போது, அந்தத் தாவலுக்குள் விளக்கு பலமுறை எரிந்து அணைவதால், ஒரே எழுத்து சிதறிய பல பிம்பங்களாக விழித்திரையில் விழும். தாவும் கண்ணுக்கு நொடிக்கு 2000 முறை அளவு வரைகூட இந்தச் சிதறல் தெரியக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் தலை வலிப்பதில்லை. வலிப்பவர்களுக்கு அது பொய்யும் இல்லை. 1989-இல் ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற பார்வை ஆய்வாளரின் குழு ஓர் அலுவலகத்தில், நொடிக்கு 100 முறை மினுக்கும் டியூப் லைட்டுகளையும், மினுக்கல் தெரியாத அளவுக்கு அதிவேகச் சோக்கு போட்ட டியூப் லைட்டுகளையும் ஊழியர்களுக்குச் சொல்லாமலே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. இரண்டாவது வகை விளக்கின் கீழ் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே போயின.

2015-இல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பு எல்இடி விளக்குகளுக்கு 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதில் கையில் வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரு கணக்கு இருக்கிறது. நொடிக்கு 90 முறைக்கு மேல் மினுக்கும் விளக்கில், வேகத்தை 0.08-ஆல் பெருக்கினால் வரும் சதவீதத்துக்குள் மினுக்கலின் ஆழம் இருந்தால் ஆபத்து குறைவு. 240-க்கு 19 சதவீதம் வருகிறது. அதாவது சராசரி வெளிச்சம் 100 என்றால் 81-க்கும் 119-க்கும் நடுவே ஆடலாம். முழுதாக அணைந்து எரியும் திரையின் ஆழம் 100 சதவீதம். 1250-ஐத் தாண்டினால் 100 சதவீத ஆழமும் குறைந்த ஆபத்துக்குள் வந்துவிடுகிறது. 3000-க்கு மேல் கவலையே வேண்டாம் என்கிறது அந்தக் கணக்கு. இது விளக்குக்கான கணக்கு, திரைக்கென்று எழுதியதல்ல. ஆனாலும் ஒரு போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கப் போதும்.

ஆக, பார்க்க வேண்டியவை இரண்டு: எத்தனை வேகம், எவ்வளவு ஆழம். விளம்பரத்தில் வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆழம்தான் பெரும்பாலும் வலிப்பதற்கும் வலிக்காததற்கும் நடுவே நிற்பது என்பது என் அபிப்பிராயம்.

இனி உங்கள் திரை என்ன செய்கிறது என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு, திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸைக் கீழே இழுங்கள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, திரைக்கு முன்னால் வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். ஈர்க்குச்சி ஒரே மங்கலான விசிறி போலத் தெரிந்தால் மினுக்கல் இல்லை, அல்லது மிக வேகமானது. தனித்தனிக் குச்சிகளாக, இடைவெளி விட்டு அடுக்கினது போலத் தெரிந்தால் திரை ஆழமாக மினுக்குகிறது. அப்படியே பட்டையை மெல்ல ஏற்றிக்கொண்டே ஆட்டுங்கள். சில போன்களில் ஏதோ ஓர் இடத்தில் தனிக் குச்சிகள் சட்டென்று மறைந்து விசிறி வந்துவிடும். அந்த இடத்துக்கு மேலே போன் மின்னோட்ட வழியில் மங்கலாக்குகிறது, கீழே அணைத்து எரிக்கும் வழிக்கு மாறுகிறது என்று பொருள். இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பட்டையில் கண்ணால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மிக முக்கியமான தகவல் அதுதான். வேறு சில போன்களில் எந்த இடத்திலும் முழுதாக மறையாது, மேலே போகப் போகக் குச்சிகளுக்கு நடுவே இருட்டு மட்டும் குறையும். அதற்கும் இந்த வைத்தியம் பலிக்கும், ஆனால் அரைகுறையாக.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, கேமராவில் ப்ரோ மோடுக்குப் போய், ஷட்டர் வேகத்தை 1/4000 அளவில் வையுங்கள். படம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றலாம். வெள்ளைப் பக்கம் சட்டகம் முழுக்க நிறையும்படி கிட்டப் பிடித்துப் பாருங்கள். அகலமான கன்னங்கரேல் பட்டைகள் தெரிந்தால் ஆழமான, மெதுவான மினுக்கல். வெளிறிய சாம்பல் அலைகள் என்றால் ஆழம் குறைவு. நெருக்கமான மெல்லிய கோடுகள் என்றால் வேகம் அதிகம். ஒற்றை மெல்லிய கோடு மட்டும் திரையில் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். ஓஎல்இடி திரை ஒவ்வொரு முறையும் படத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நொடித்துளி அணைவது அது. மின்னோட்ட வழியில் மங்கலாகும் திரையிலும் இருக்கும். ப்ரோ மோட் இல்லாத கேமரா என்றால் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், ஓரளவு தெரியும்.

பட்டைகளை எண்ணி வேகத்தைக் கணக்கிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மானிட்டருக்கு எண்ணலாம், ஓஎல்இடி போனுக்கு எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள். மானிட்டரின் பின்விளக்கு பொதுவாக ஒரே நேரத்தில் முழுதாக எரிந்து அணைகிறது. ஓஎல்இடியில் இருட்டுப் பட்டையே திரையின் மேலிருந்து கீழே ஓடுகிறது. கேமராவும் வரி வரியாகப் படிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் பட்டைகள் இழுபட்டு, எண்ணிக்கை மாறிவிடும். போனில் ஆழத்தை மட்டும் பாருங்கள்.

சரி, போனுக்கு வைத்தியம். முதல் வேலை, அமைப்புகளில் தேடும் பெட்டியில் flicker என்றும் dimming என்றும் தட்டிப் பார்ப்பது. பல ஆண்ட்ராய்டு போன்களில் DC dimming, Anti-flicker போன்ற ஏதோ ஒரு பெயரில் ஒரு பொத்தான் ஒளிந்திருக்கும். DC dimming என்பது மேலே சொன்ன மின்னோட்ட வழிதான். 2019-இல் ஒன்பிளஸ் 7 ப்ரோ காலத்தில் சோதனை வசதியாக வந்தது, அப்புறம் பல சீனக் கம்பெனிகள் கொடுத்தன. ஐபோன் 17 வரிசையில் Settings > Accessibility > Display & Text Size என்ற இடத்தில் Display Pulse Smoothing என்று ஒன்று வந்திருக்கிறது. பொத்தானைப் போட்டதும் நம்பிவிடாமல் ஈர்க்குச்சியை மறுபடி ஆட்டிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் சில பொத்தான்கள் உண்மையாகவே மினுக்கலை நிறுத்துகின்றன; சில பாதிப் பட்டைக்குக் கீழே கையை விரித்துவிடுகின்றன.

பொத்தான் இல்லையென்றால் தொடக்கத்தில் சொன்ன வழி. ஆண்ட்ராய்டு 12-லிருந்து Extra dim என்று ஒரு வசதி இருக்கிறது. Settings > Accessibility-க்குள் இருக்கும். சாம்சங்கில் அதற்குள் Vision enhancements-இல், பழைய பதிப்புகளில் Visibility enhancements-இல் பார்க்கவும். இது பிரைட்னஸ் பட்டையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு புள்ளியின் நிற மதிப்பையும் கணக்கிட்டுக் குறைக்கிறது. வெள்ளையாக எரிய வேண்டிய புள்ளி சாம்பலாக எரிகிறது. ஓஎல்இடியில் பிரைட்னஸ் பட்டைதான் அணைந்திருக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது, புள்ளியின் நிறம் அது எரியும் பலத்தைத் தீர்மானிக்கிறது. பட்டை மேலே இருப்பதால் இருட்டு இடைவெளி சின்னதாகவே இருக்கும். நிறம் சாம்பல் ஆனதால் மொத்த வெளிச்சம் குறையும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது Reduce White Point; அதுவும் அதே Display & Text Size-க்குள், 25 முதல் 100 சதவீதம் வரை நகர்த்தலாம்.

செய்முறை இப்படி. முதலில் Adaptive brightness-ஐ, ஐபோனில் Auto-Brightness-ஐ, அணையுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் "நீங்கள் சொன்னது பலிக்கவில்லை" என்று வருகிறார்கள். இருட்டு அறையில் போன் தானாகவே பட்டையைக் கீழே இழுத்துவிடும், மென்பொருள் இருட்டும் சேர்ந்தால் பட்டை கீழே போனது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அணைத்த பிறகு, எல்லை கண்டுபிடித்திருந்தால் பட்டையை அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். எல்லை இல்லாத போன் என்றால் எழுபது எண்பது சதவீதத்தில் வையுங்கள். இப்போது Extra dim-ஐப் போட்டு, அதன் அளவை உங்களுக்குப் படிக்க இதமாக இருக்கும் வரை ஏற்றுங்கள். கேமராவை மறுபடி காட்டினால், பழைய கறுப்புப் பட்டைகள் இருந்த இடத்தில் மெலிந்த பட்டைகளோ வெளிறிய அலைகளோ தெரிய வேண்டும். இந்த வசதியைக் கீழே இழுக்கும் குறுக்குவழிப் பலகையில் ஒரு பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் வரும்படி Accessibility Shortcut-இல் வைக்கலாம். பகலில் வெயிலில் போனால் ஒரே தட்டில் எடுத்துவிட வேண்டுமே.

ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய போன் என்றால் திரைக்கு மேல் கறுப்புப் போர்வை போர்த்தும் செயலிகள் இருக்கின்றன. வேலை செய்யும், ஆனால் தலைவலிக்குப் பதில் எரிச்சல் வரும். செயலி நிறுவும் பக்கத்தில் பொத்தான் அமுங்காது. வங்கிச் செயலிகள் சில மேலே போர்வை ஓடுவதைப் பார்த்தால் வேலை செய்ய மறுக்கும். பணம் அனுப்பும்போது அதை நிறுத்திவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கருஞ்சாம்பல் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலந்து, இருட்டான காட்சிகளில் விவரம் தொலையும். மிக ஆழமாக இருட்டாக்கினால், தொடக்கத்தில் சொன்ன அந்தத் திட்டுத்திட்டான பூப்பு எட்டிப் பார்க்கும். மின்னோட்ட வழியின் குறையை நாம் விரும்பி வாங்கிக்கொள்கிறோம். படிப்பதற்கு இது ஒன்றும் தொந்தரவு இல்லை. படம் பார்க்க அறையில் ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு Extra dim-ஐக் குறைத்துவிடுங்கள். பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓஎல்இடியில் சாம்பல் புள்ளி குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும்.

நைட் மோட் ஏன் உதவவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அது நிறத்தை மஞ்சளாக்குகிறது, மினுக்கலைத் தொடுவதில்லை. டார்க் மோடில் எரியும் பரப்பு குறைகிறது, எரியும் எழுத்துகள் அதே போலத்தான் அணைந்து எரிகின்றன.

மானிட்டருக்கு வருவோம். எல்இடி மானிட்டர் என்பதும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் எல்இடி. பழையவற்றில் அந்தப் பின்விளக்கு நொடிக்கு 180 முதல் 240 முறை வரை அணைந்து எரிவது சகஜம். பெரும்பாலானவற்றில் பிரைட்னஸ் 100-இல் மினுக்கல் நின்றுவிடும், ஏனென்றால் அணைக்கவே தேவை இல்லை. உங்கள் ஆபீஸ் மானிட்டரை இப்படிச் சோதியுங்கள்: அதே கேமரா, அதே 1/4000. முதலில் தரமில்லாத எல்இடி பல்பு ஏதாவது இருந்தால் அதன் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல்பு மினுக்கினால் நொடிக்கு 100 முறை மினுக்கும். சட்டகத்தில் 2 பட்டைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தக் கேமரா ஒரு படத்தைப் படிக்க 20 மில்லிநொடி எடுக்கிறது. இப்போது மோடை மாற்றாமல், போனையும் அதே வாக்கில் பிடித்து, மானிட்டர் சட்டகம் முழுக்க நிறைய 20 பிரைட்னஸில் பாருங்கள். நாலைந்து பட்டைகள் தெரிந்தால் மினுக்கல் 200-க்கும் 250-க்கும் நடுவே. பிரைட்னஸை 100-க்கு ஏற்றுங்கள். பட்டைகள் மறைந்தால் உங்களுக்கு விடிவு உண்டு. மறையாவிட்டால் மெனுவில் Motion Blur Reduction, MPRT போன்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். விளையாட்டு மானிட்டர்களில் அது பின்விளக்கை வேண்டுமென்றே அணைத்து எரிக்கும் வசதி, அணைத்துவிடுங்கள்.

100-இல் வைத்தால் கண் கூசுமே என்பீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றாலும் மானிட்டரின் சொந்த மெனு உங்கள் கையில்தான் இருக்கிறது. நிறப் பகுதியில் User அல்லது Custom எடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண்கள் வரும். மூன்றையும் ஒரே அளவாக 100-லிருந்து 70, 60 என்று இறக்குங்கள். பின்விளக்கு முழுதாக எரிந்துகொண்டே இருக்கும், படம் மட்டும் மங்கும். அந்த மெனு இல்லாத மானிட்டரில் Contrast-ஐ இறக்கினாலும் ஓரளவு இதே பலன்தான்.

சொந்தக் கம்ப்யூட்டர், லினக்ஸ், எக்ஸ்11 என்றால் இரண்டே வரி. முதல் வரி மானிட்டரின் பின்விளக்கை 100-இல் நிறுத்தும், இரண்டாவது படத்தை மட்டும் இருட்டாக்கும். `HDMI-1` இருக்கும் இடத்தில், `xrandr` மட்டும் தட்டினால் வரும் உங்கள் இணைப்பின் பெயரைப் போடுங்கள்:

```
ddcutil setvcp 10 100
xrandr --output HDMI-1 --brightness 0.6
```

இதில் 0.6 என்றால் 60 சதவீத வெளிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். திரை தனக்கு வரும் எண்ணை அப்படியே வெளிச்சமாக்காமல் காமா என்ற அடுக்குப்படி மாற்றுகிறது; அது 2.2 என்பதால் 0.6-ஐ 2.2 அடுக்குக்கு உயர்த்த வேண்டும், வருவது 0.325. நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு; 250 நிட்ஸ் மானிட்டர் என்றால் சுமார் 80 நிட்ஸ் ஆகிவிடும். விளக்கு போட்ட அறையில் 0.7 போதும், அது சுமார் 115 நிட்ஸ் தரும். மானிட்டர் மெனுவில் நிற எண்களை இறக்கும்போதும் பல மாடல்களில் இதே மாதிரி எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருட்டும், அதனால் ஐந்து ஐந்தாக இறக்குங்கள். வேலண்டில் `xrandr` கட்டளைக்குப் பலன் இருக்காது. அங்கே மானிட்டர் மெனு வழியே எளிது.

எல்சிடியில் விலை கொஞ்சம் அதிகம். பின்விளக்கு முழுதாக எரிவதால் கறுப்பு அப்படியே வெளிறி நிற்கும், வெள்ளை மட்டும் கீழே வரும். 1000:1 கான்ட்ராஸ்ட் உள்ள மானிட்டரில் 0.6 போட்டால் 325:1 அளவுக்கு இறங்கிவிடும். எழுத்து வேலைக்கு அது போதும். போட்டோ திருத்துபவர்களுக்கு உதவாது. லேப்டாப்பில் பின்விளக்கு முழுதாக எரிந்தால் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

மென்பொருளே வேண்டாம் என்பவர்கள் ராத்திரி பட்டையை ஏற்றி வைத்துக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு படிப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சிரிப்பார்கள். கணக்குப்படி அதுவும் சரிதான், பட்டை மேலே இருக்கிறது, கண்ணுக்கு வருவது குறைகிறது. போலரைஸ்டு கண்ணாடி மட்டும் வேண்டாம்; போனைத் திருப்பினால் திரை சில கோணங்களில் கறுத்துவிடும்.

அறை விளக்கையும் மறக்காதீர்கள். கும்மிருட்டில் படுத்துப் பார்ப்பதால்தான் பட்டையை அடிமட்டத்துக்கு இழுக்கத் தோன்றுகிறது. தலைமாட்டில் ஒரு விளக்கு இருந்தால் திரையை அவ்வளவு இருட்டாக்கத் தேவை இல்லை. ஆனால் அந்த விளக்கே 100 முறை மினுக்கும் மலிவு எல்இடியாக இருந்தால் பேயை ஓட்டப் பிசாசை அழைத்த கதைதான். ஈர்க்குச்சி சோதனையை அதன் வெளிச்சத்திலும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

இப்போது கேள்வியின் முதல் பாதி: உங்கள் தலைவலிக்கு மினுக்கல்தான் காரணமா? திரை மினுக்குகிறது என்று தெரிந்துகொள்வது வேறு, அதனால்தான் உங்களுக்கு வலிக்கிறது என்பது வேறு. கேமராவில் கறுப்புப் பட்டையைப் பார்த்த பிறகு யாருக்கும் நெற்றிப்பொட்டு கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அதனால் உங்களுக்கே தெரியாமல் சோதிக்க வேண்டும். போனில் இரண்டு நிலைகளைத் தயார் செய்யுங்கள். முதலாவது, பட்டை 15 சதவீதம், Extra dim அணைப்பு. இரண்டாவது, பட்டை 75 சதவீதம், Extra dim போட்டது. இரண்டிலும் வெள்ளைப் பக்கம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கண்ணால் ஒப்பிட முடியாது. இன்னொரு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு, அதன் மேல் விளிம்பில் இருக்கும் சென்சாரை உங்கள் திரைக்கு நேராக ஒரே தூரத்தில் பிடித்து, இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒரே எண் வரும் வரை Extra dim அளவைத் திருத்துங்கள்.

அப்புறம் வீட்டில் யாரிடமாவது போனைக் கொடுத்து, தினமும் ராத்திரி தங்கள் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு நிலையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் தனியாக ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் குறுக்குவழிப் பலகையைத் திறந்து பார்க்கக் கூடாது. ஒரே மாதிரி வாசிப்பு, ஒரே எழுத்தளவு, ஒரே விளக்கு. வலி தொடங்கிய நேரத்தை மட்டும் நீங்கள் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் நிலை இரவுகளில் மட்டும் வலி கூடியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வலித்தால் மினுக்கலை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடுங்கள். இமைக்காமல் பார்ப்பதால் வரும் கண் வறட்சி, தலையணையில் கழுத்தை மடக்கிப் படிப்பது, கிட்டத்தில் பார்க்கும்போது இரு கண்ணும் ஒத்துழைக்காதது, எல்லாவற்றுக்கும் மேல் ஒற்றைத் தலைவலி. "பவர் சரி" என்றால் இவை எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. திடீரென்று இதுவரை இல்லாத கடும் வலி, வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது என்று வந்தால் சோதனை எல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

மினுக்கல்தான் என்று உறுதியாகி, Extra dim போட்டும் பாதி வலி மிச்சம் இருந்தால், அந்தப் போனின் பட்டை மேலே இருக்கும்போதும் ஆழம் குறையவில்லை என்று அர்த்தம். போனைத்தான் மாற்ற வேண்டும். ஹானர் 3840, 4320, ஒன்பிளஸ் 2160, ஷாவ்மி 1920 என்றெல்லாம் எண்கள் போட்ட மாடல்கள் இருக்கின்றன. எந்தப் பிரைட்னஸில் அந்த எண் என்று கேளுங்கள்; சிலவற்றில் கீழ்ப் பாதியில் மட்டும் அந்த வேகம், மேலே வேறு. கடையிலேயே பட்டையை அடியில், நடுவில், உச்சியில் வைத்து உங்கள் கேமராவை 1/4000-இல் காட்டிப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் கெடுவுக்குள் ராத்திரிச் சோதனையை முடித்துவிடுங்கள். எல்சிடி போன் வாங்கலாம் என்றால் பெரும்பாலும் பாதுகாப்புதான், ஆனால் மலிவு எல்சிடிகளிலும் பின்விளக்கை அணைத்து எரிப்பவை உண்டு, அங்கேயும் கேமராவைக் காட்டிவிட்டே காசைக் கொடுங்கள். மானிட்டர் வாங்கும்போது Flicker-free என்று பெட்டியில் போட்டிருப்பதைத் தேடுங்கள். ஆபீஸில் புதிது கேட்க முடியுமென்றால் இந்த ஒரு சொல்லைக் கோரிக்கையில் எழுதிவிடுங்கள், அதற்குள் பழையதை 100-இல் வைத்து நிற எண்களை இறக்கி ஓட்டலாம்.